சுத்திகரிப்பு அட்டவணையை வாசிக்கும் முறை



நொதி ஒன்றைத் திசுவிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்திய வரலாற்றைக் கூறும் ஆராய்ச்சிக் கட்டுரை எதைப் புரட்டினாலும், அதன் நடுவே நான்கைந்து வரிகளும் ஆறேழு நிரல்களும் கொண்ட ஓர் அட்டவணை இருக்கக் காண்பீர்கள். மொத்தச் செயல்திறன், மொத்தப் புரதம், தன் செயல்திறன், மீட்பு வீதம், சுத்திகரிப்பு மடங்கு என்று அந்த நிரல்களுக்குத் தலைப்பிட்டிருப்பார்கள். வாசிப்பவர் கண் பெரும்பாலும் கடைசி வரியின் கடைசி எண்ணுக்கே ஓடுகிறது. அறுபது மடங்கு, ஐந்நூறு மடங்கு என்று அங்கே கண்டதும் திருப்தியடைந்து பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். அந்தக் கடைசி எண்ணோ, முதல் வரியில் ஆய்வாளர் செய்த இரண்டு அளவீடுகளைப் பூரணமாகச் சார்ந்து நிற்பது; அந்த இரண்டில் ஒன்று பிழையானால், அதன்பின் எத்தனை நுட்பமான வேலை நடந்திருந்தாலும் மடங்கு பொய்யாகிவிடும். ஆகவே இந்த அட்டவணையை மேலிருந்து கீழாக, மொத்தச் செயல்திறனில் தொடங்கி வாசிக்க வேண்டும் என்பதே இன்று நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கருத்து. அதைப் பொதுப்படையாகச் சொல்வதைவிட, கல்லூரி ஆய்வுக்கூடங்களில் மாணவர்கள் அடிக்கடி பிரித்தெடுக்கும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற தசை நொதியை உதாரணமாகக் கொண்டு, எண்களோடு சொல்லிப் பார்க்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக நானே அமைத்தவை. கணக்கு எளிதாக இருக்கும்படி முழு எண்களாக வைத்திருக்கிறேன்.

கோழியின் மார்புத் தசையை 100 கிராம் எடுத்து, குளிர்ந்த தாங்கல் கரைசலில் அரைத்து, சுழற்சி இயந்திரத்தில் சுற்றிச் சக்கையை நீக்கினால் 200 மில்லிலிட்டர் சாறு கிடைக்கிறது என்று கொள்வோம். அதில் நொதி எவ்வளவு இருக்கிறது என்பதை நேரே எடைபோட்டு அறிய வழியில்லை. அது செய்யும் வேலையைக் கொண்டுதான் அறிய வேண்டும். இந்த நொதி பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றும்போது என்.ஏ.டி.எச். என்ற துணைப்பொருளைச் செலவழிக்கிறது. அந்தத் துணைப்பொருள் 340 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளியை உறிஞ்சும் இயல்புடையதாகையால், ஒளி உறிஞ்சல் நிமிஷத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தாலே வினையின் வேகம் தெரிந்துவிடும். மில்லிமோலார் செறிவு ஒன்றுக்கு, ஒரு சென்டிமீட்டர் பாதையில் உறிஞ்சல் 6.22 என்பது நெடுங்காலமாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. நிமிஷத்துக்கு ஒரு மைக்ரோமோல் மாற்றும் நொதியின் அளவை ஓர் அலகு என்கிறோம்.

நமது சாற்றை நாற்பது மடங்கு நீர்த்து, அதில் 0.05 மில்லிலிட்டரை 3 மில்லிலிட்டர் வினைக்கலவையில் சேர்த்தபோது உறிஞ்சல் நிமிஷத்துக்கு 0.311 குறைந்தது என்போம். 0.311ஐ 6.22ஆல் வகுத்தால் 0.05, அதை 3ஆல் பெருக்கினால் 0.15 அலகு. இது 0.05 மில்லிலிட்டரில் இருந்தது. ஆகவே ஒரு மில்லிலிட்டரில் 3 அலகு. நீர்த்த நாற்பது மடங்கையும் சேர்த்தால், மூலச் சாற்றில் மில்லிலிட்டருக்கு 120 அலகு. மொத்தம் 200 மில்லிலிட்டருக்கு 24,000 அலகு. மற்றொரு பரிசோதனையால் புரதம் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று தெரிந்தால், மொத்தப் புரதம் 4,000 மில்லிகிராம். முதலதை இரண்டாவதால் வகுத்தால் மில்லிகிராமுக்கு 6 அலகு; இதுவே தன் செயல்திறன். அட்டவணையில் மெய்யாக அளக்கப்படுவன கன அளவு, செயல்திறன், புரதம் ஆகிய மூன்று மட்டுமே. எஞ்சிய நிரல்கள் யாவும் பெருக்கலும் வகுத்தலுமாகப் பிறந்தவை.

இனிச் சாற்றில் அம்மோனியம் சல்பேட்டைச் சிறிது சிறிதாகக் கரைத்து, 40 சதவீதச் செறிவில் படிவதை நீக்கிவிட்டு, 65 சதவீதத்தில் படிவதைச் சேகரித்து, கரைத்து, சவ்வுப்பையில் இட்டு உப்பை வெளியேற்றுகிறோம். அடுத்து, எதிர்மின் ஏற்றமுள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்ளும் அயனிப் பரிமாற்றப் பிசின் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் வழியே அதைச் செலுத்துகிறோம். கடைசியாக, இந்த நொதியின் மேல் பற்றுள்ள நீலச் சாயம் ஒன்றைப் பிணைத்த மற்றொரு குழாயில் ஏற்றி, வேண்டாதவை வழிந்தோடிய பின் என்.ஏ.டி.எச். கலந்த கரைசலால் நொதியை மட்டும் இறக்கிக்கொள்கிறோம். அட்டவணை இவ்வாறு அமைகிறது:

| படி | கன அளவு (மி.லி.) | மொத்தச் செயல்திறன் (அலகு) | மொத்தப் புரதம் (மி.கி.) | தன் செயல்திறன் (அலகு/மி.கி.) | மீட்பு (%) | மடங்கு |
|---|---|---|---|---|---|---|
| மூலச் சாறு | 200 | 24,000 | 4,000 | 6 | 100 | 1 |
| உப்புப் படிவு | 30 | 21,600 | 1,000 | 21.6 | 90 | 3.6 |
| அயனிப் பரிமாற்றம் | 60 | 18,000 | 300 | 60 | 75 | 10 |
| சாயப் பற்று | 20 | 14,400 | 40 | 360 | 60 | 60 |

முதலில் மொத்தச் செயல்திறன் என்ற நிரலை மட்டும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். 24,000 என்பது 14,400 ஆயிற்று. படிப்படியாகக் குறைந்ததேயன்றி எங்கும் ஏறவில்லை, எங்கும் திடீரென்று வீழவுமில்லை. ஒழுங்காக நடந்த சுத்திகரிப்பின் லட்சணம் இது. பிறகு புரத நிரலைப் பாருங்கள்: 4,000 என்பது 40 ஆயிற்று, அதாவது நூறில் ஒன்று. புரதம் நூறு மடங்கு குறைந்தும் நொதியில் 60 சதவீதமே நம்மிடம் எஞ்சியிருப்பதால், சுத்திகரிப்பு நூறு மடங்காகாமல் அறுபது மடங்காயிற்று. புரதம் குறைந்த மடங்கை மீட்பு வீதத்தால் பெருக்கினால் சுத்திகரிப்பு மடங்கு வந்தே தீர வேண்டும். அச்சில் வந்த எந்த அட்டவணையையும் இந்த ஒரு பெருக்கலால் சோதித்துவிடலாம். வராவிட்டால், ஆசிரியர் எங்கோ ஒரு கன அளவை மறந்திருக்கிறார், அல்லது கணக்கில் பிழை செய்திருக்கிறார் என்பது நிச்சயம்.

மில்லிலிட்டருக்கு இத்தனை அலகு என்ற எண்ணை நான் அட்டவணையில் சேர்க்கவில்லை. அதைத் தூய்மையின் அடையாளமாக மயங்கும் மாணவர்கள் பலர் இருப்பதே காரணம். உப்புப் படிவுக்குப்பின் நமது கரைசலில் மில்லிலிட்டருக்கு 720 அலகு. அயனிப் பரிமாற்றத்துக்குப்பின் 300. சாயப் பற்றுக்குப்பின் மீண்டும் 720. இரண்டாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் இந்த எண் ஒன்றே. ஆனால் முன்னதில் நொதியுடன் அன்னியப் புரதங்கள் மிகுதியாகக் கலந்திருக்கின்றன, பின்னதில் அவை அநேகமாக இல்லை. நீரை நீக்கினால் செறிவு ஏறும், சேர்த்தால் இறங்கும். தூய்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது அயனிப் பரிமாற்றப் படியில் சற்றுத் தங்குவோம். குழாயிலிருந்து சொட்டும் திரவத்தைச் சிறுசிறு சோதனைக் குழாய்களில் வரிசையாகப் பிடித்து, ஒவ்வொன்றிலும் செயல்திறனை அளந்தால், அது மெல்ல ஏறி, உச்சியைத் தொட்டு, மெல்ல இறங்குவதைக் காணலாம். எந்தக் குழாயிலிருந்து எந்தக் குழாய் வரை ஒன்றுசேர்ப்பது என்பதைத் தீர்மானிப்பவர் ஆய்வாளர். அட்டவணையின் மூன்றாம் வரி அந்தத் தீர்மானத்தின் விளைவு. விரிவாகச் சேர்த்ததால்தான் நமக்கு 18,000 அலகும் 300 மில்லிகிராம் புரதமும் கிடைத்தன. உச்சியைச் சுற்றியுள்ள சில குழாய்களை மட்டும் சேர்த்திருந்தால் 13,200 அலகும் 165 மில்லிகிராமும் கிடைத்திருக்கும். தன் செயல்திறன் 80, மடங்கு பதின்மூன்றுக்கு மேல், மீட்போ 55 சதவீதம். களத்தில் நெல் தூற்றுபவர், பதர் அறவே நீங்க வேண்டுமென்று பலமான காற்றுக்காகக் காத்திருந்தால், பதரோடு கொஞ்சம் மணியும் பறந்துபோவதை ஒத்தது இது. இரண்டில் எது சரி என்பதை அந்த வரியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அடுத்த வரியைப் பார்த்தே சொல்ல வேண்டும். நமது உதாரணத்தில் அடுத்த படி, ஆறு மடங்கு தூய்மை தரவல்ல சாயப் பற்று. மூன்றாம் படியில் தப்பிவந்த அன்னியப் புரதத்தை அது எப்படியும் கழித்துவிடும். ஆகவே இங்கே விரிவாகச் சேர்ப்பதே விவேகம் என்பது என் அபிப்பிராயம். கடைசிப் படியாயிருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன்.

மீட்பு வீதத்தில் ஏன் இத்தனை கருத்தாக இருக்க வேண்டும் என்பதற்கு மெய்யான சரித்திரம் ஒன்று உண்டு. சிவப்பணுக்களின் உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனை, சிகாகோவில் கோல்ட்வாஸரும் அவருடைய சகாக்களான மியாகேயும் குங்கும் 1977ஆம் ஆண்டில் தூய நிலையில் பிரித்தெடுத்தார்கள். எலும்பு மஜ்ஜை செயலற்றுப்போன நோயாளிகளிடமிருந்து ஜப்பானில் சேகரிக்கப்பட்ட 2,550 லிட்டர் சிறுநீரே அவர்களுடைய மூலப்பொருள். ஏழு படிகளின் முடிவில் அவர்கள் கண்ட தன் செயல்திறன் மில்லிகிராமுக்கு 70,400 அலகு. மீட்பு 21 சதவீதம். ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டதே என்று முதற் பார்வையில் தோன்றும். ஆனால் ஏழு படிகளிலும் ஒவ்வொன்றிலும் 80 சதவீதம் மீட்டால் கடைசியில் எஞ்சுவது ஏறத்தாழ அந்த 21 சதவீதமேதான். ஒவ்வொரு படியிலும் பாதியை மட்டும் மீட்டிருந்தால் முடிவில் ஒரு சதவீதங்கூட மிஞ்சியிராது. மீண்டும் அத்தனை ஆயிரம் லிட்டருக்கு எங்கே போவது? அந்த 21 என்ற எண்ணில் நான் காண்பது இழப்பையல்ல. ஏழு முறையும் கை தவறாத ஜாக்கிரதையைக் காண்கிறேன்.

இனி, அட்டவணை ஒழுங்காக அமையாதபோது அதை எப்படி வாசிப்பது என்ற விஷயத்துக்கு வருகிறேன். பயன் மிகுதியும் இங்கேதான் இருக்கிறது.

அயனிப் பரிமாற்றத்தின்பின் 18,000 அலகுக்குப் பதிலாக 9,000 அலகுதான் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்பு நிரலில் 37.5 என்று எழுதிவிட்டு வருத்தப்படுவதால் பயனில்லை. பக்கத்து நிரலைக் கேட்க வேண்டும். புரதமும் பாதியாகி 150 மில்லிகிராம் என்று இருந்தால், தன் செயல்திறன் முன்போலவே 60. அதாவது கையிலுள்ள நொதி நல்ல நிலையில் இருக்கிறது. மற்றொரு பாதி வேறெங்கோ இருக்கிறது. பிசினில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், சேர்க்காமல் விட்ட சோதனைக் குழாய்களில் இருக்கலாம். செறிந்த உப்புக் கரைசலால் குழாயைக் கழுவி, கழுவிய நீரை அளந்தால் அது அகப்படும். புரதம் 300 மில்லிகிராமாகவே இருந்து, தன் செயல்திறன் 30ஆக வீழ்ந்திருந்தாலோ கதை வேறு. நொதி அங்கேயே இருக்கிறது, ஆனால் அதில் பாதி செயலிழந்துவிட்டது. செயலிழந்த நொதியும் புரதந்தான் என்பதால் வகுக்கும் எண்ணில் அது தன் பாரத்தைச் செலுத்துகிறது. காணாமற்போன நொதிக்கும் செத்துப்போன நொதிக்கும் மீட்பு வீதம் ஒன்றே. அவற்றை வேறுபடுத்திக் காட்டுவது தன் செயல்திறன் ஒன்றுதான். இரண்டாவது சந்தேகத்தைத் தீர்க்க, முந்தைய படியின் கரைசலில் சிறிதளவைக் குழாயில் ஏற்றாமல் அதே குளிரில் அத்தனை மணி நேரம் வைத்திருந்து பிறகு அளக்க வேண்டும். அதிலும் பாதி போயிருந்தால் குற்றம் காலத்தினுடையது. போகாதிருந்தால் குற்றம் குழாயினுடையது.

மூன்றாவது சாத்தியம் ஒன்றும் உண்டு. நொதி சாகவுமில்லை, காணாமற்போகவுமில்லை. அது இயங்குவதற்கு இன்றியமையாத வேறொரு பொருள் பிரிந்துபோயிருக்கிறது. ஹார்டனும் யங்கும் இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், ஈஸ்ட்டுச் சாற்றை நுண்வடிகட்டியில் அழுத்தி இரு பகுதிகளாக்கியபோது, இரண்டில் எதுவும் தனியே சர்க்கரையை நொதிக்கச் செய்யவில்லை; இரண்டையும் திரும்பக் கலந்தபோது நொதித்தல் மீண்டது. மீட்பு வீதம் பூஜ்யத்தை நெருங்கும்போது, கைவிடுமுன் பகுதிகளைக் கலந்து ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அவர்களுடைய அந்தப் பரிசோதனையின் கொடை.

மீட்பு நூறுக்கு மேல் ஏறும் விந்தையும் நேர்வதுண்டு. உப்புப் படிவுக்குப்பின் 31,200 அலகு என்று வந்தால் மீட்பு 130 சதவீதம். நொதி புதிதாக உண்டாகியிருக்க முடியாது. மூலச் சாற்றில் அதைத் தடுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு பொருள் உப்புப் படிவின்போது விலகியிருக்கிறது, அல்லது முதல் அளவீடே தவறு. எப்படியாயினும் முதல் வரியின் 24,000 என்பது உண்மையைவிடக் குறைவு. இதைக் கவனியாமல் கணக்கிட்டால் தன் செயல்திறன் 31.2, மடங்கு 5.2 என்று வரும். மொத்தப் புரதமோ நான்கில் ஒன்றாகத்தான் குறைந்திருக்கிறது. ஆகவே நான்கு மடங்குக்கு மேல் சுத்திகரிப்பு நேர்ந்திருக்க நியாயமே இல்லை. உபரியாகத் தோன்றும் மடங்கு முதல் வரியின் பிழை தந்த பரிசு. எதிர்ப்பக்கப் பிழையும் நேரலாம்: மூலச் சாற்றிலுள்ள வேறு நொதிகளும் என்.ஏ.டி.எச்.-ஐச் செலவழித்தால், நமது நொதியின் கணக்கில் அவற்றின் வேலையும் சேர்ந்துவிடும். பைருவேட்டைச் சேர்க்காத கலவையில் ஓர் அளவீடு செய்து அதைக் கழித்தாக வேண்டும். கழிக்காதவருக்கு, இரண்டாம் படியில் இல்லாத இழப்பு ஒன்று இருப்பதாகத் தோன்றும்.

இதுவரை தொகுதி எண்ணைப் பற்றிச் சொன்னேன். வகுக்கும் எண்ணாகிய புரதத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான். புரதக் கரைசலை 280 நானோமீட்டர் ஒளியில் வைத்து உறிஞ்சலைப் பார்ப்பது சுலபமான முறை. ஆனால் மூலச் சாற்றில் ஏராளமாக உள்ள நியூக்ளிக் அமிலங்களும் அந்த ஒளியை உறிஞ்சும். அதனால் 4,000 மில்லிகிராம் புரதம் 8,000 என்று தோன்றினால், மூலச் சாற்றின் தன் செயல்திறன் 6க்குப் பதில் 3 ஆகும். கடைசி வரியில் ஒரு துளியும் மாறாமலேயே சுத்திகரிப்பு 120 மடங்காகிவிடும். கடைசி வரியிலும் ஒரு கண்ணி உண்டு: நொதியை இறக்கப் பயன்பட்ட என்.ஏ.டி.எச். தானும் அந்த ஒளியை உறிஞ்சுவதால், அதை நீக்காமல் அளந்தால் புரதம் மிகையாகத் தோன்றி, மடங்கு குறைந்துவிடும். எல்லா வரிகளிலும் ஒரே முறையால், உதாரணமாக 1976இல் பிராட்ஃபோர்டு வகுத்த சாயப் பிணைப்பு முறையால், குறுக்கிடும் பொருள்களை நீக்கிய பின் அளப்பதே நியாயம்.

புரத அளவீட்டின் எல்லையை உணராததால் நேர்ந்த புகழ்பெற்ற தவறு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜெர்மனியின் மாபெரும் ரசாயன அறிஞரான வில்ஷ்டெட்டர், பெராக்ஸிடேஸ் என்ற நொதியைத் தூய்மைப்படுத்தியபோது, தயாரிப்பின் ஒரு மில்லிகிராம் ஐந்து நிமிஷத்தில் எத்தனை மில்லிகிராம் பர்ப்யூரோகாலினை உண்டாக்குகிறது என்று அளந்தார். நாம் இன்று தன் செயல்திறன் என்பதன் முன்னோடி அது. சுத்திகரிப்பு முற்ற முற்ற அந்த எண் ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு கட்டத்தில் கரைசல் வீரியத்தோடு இயங்கியபோதிலும் அன்றைய புரதச் சோதனைகள் எதற்கும் அது இணங்கவில்லை. ஆகவே நொதி புரதமாக இருக்க முடியாது என்று அவர் முடிவு கட்டினார். மிகச் சிறு அளவிலேயே பெருவேலை செய்யும் பொருளை, அந்தச் சிறு அளவைக் காணவியலாத சோதனையால் தேடியதன் விளைவு அது. 1926இல் கார்னெல் சர்வகலாசாலையில் ஸம்னர் ஓர் அவரை இனத்தின் விதையிலிருந்து யூரியேஸ் நொதியைப் படிகமாக்கி, அந்தப் படிகம் புரதமே என்று காட்டியபோது, வில்ஷ்டெட்டரின் பெரும்பெயருக்கு முன் ஸம்னருடைய முடிவு உடனே எடுபடவில்லை. 1946ஆம் ஆண்டு நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

எத்தனை மடங்கானால் நொதி தூயதாகும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. மூலச் சாற்றின் புரதத்தில் அந்த நொதி எத்தனையில் ஒரு பங்கோ, அத்தனை மடங்குதான் உச்சவரம்பு. நமது உதாரணத்தில் அறுபதில் ஒரு பங்காக இருந்திருந்தால், அறுபது மடங்கில் அது முற்றும் தூயது. அதற்கு மேல் எவராலும் ஏற்ற முடியாது. ஆயிரத்தில் ஒரு பங்காக உள்ள வேறொரு நொதியை ஐந்நூறு மடங்கு சுத்திகரித்தவர் கையிலோ இன்னும் பாதி அன்னியப் புரதமே. ஆகையால் மடங்கு என்ற எண் தூய்மைக்குச் சாட்சி சொல்லாது. மேலும் ஒரு படியைச் சேர்த்தும் தன் செயல்திறன் ஏறாமல் நிற்பது ஒரு சாட்சி. மின்புலத்தில் ஜெல்லின் வழியே ஓட்டியபோது, இந்த நொதியின் துணையலகுக்கு உரிய ஏறத்தாழ 35,000 என்ற மூலக்கூறு எடையில் ஒரே பட்டை தெரிவது மற்றொன்று. ஜெல்லில் செத்த நொதியும் உயிருள்ள நொதியும் ஒரே பட்டையாகவே தெரியுமாதலால், இரண்டு சாட்சிகளையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும்.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நமது அட்டவணையில் உப்புப் படிவின்போது 2,400 அலகு குறைந்தது. நீக்கிய முதற்படிவில் 600 அலகும், மேலே தெளிந்து நின்ற திரவத்தில் 1,400 அலகும் இருப்பதை அளந்து கண்டால், மிச்சம் 400 அலகு அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும். அந்தப் படியில் நொதி சாகவில்லை என்று அப்போதுதான் துணிந்து சொல்லலாம். ஆகவே அந்தந்தப் படியின் கணக்கை அன்றே போட்டு முடியுங்கள். முடியும்வரை, வேண்டாமென்று ஒதுக்கிய எந்தத் திரவத்தையும் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்.